நடக்கும்போது நாடி எவ்வளவு துடிக்க வேண்டும்?

220-இலிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது உச்ச இதயத்துடிப்பு. அதில் 50 முதல் 70 சதவீதம் வரை மிதமான உழைப்பு, 70 முதல் 85 வரை கடினமான உழைப்பு. புதிதாக நடக்கத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் கணக்கு இதுதான். முதல் சில வாரங்களுக்குக் கீழ் எல்லையை ஒட்டி நடந்தால் போதும் என்பதும் இதோடு சேர்ந்தே வரும்.

50 வயதான ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சம் 170. அதில் 50 சதவீதம் 85, 70 சதவீதம் 119. சரி, அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 78 துடிக்கிறது என்று வையுங்கள். எழுந்து நாலு அடி வைத்தாலே 85 வந்துவிடும். அதைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது? உச்சத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்கும் கணக்கில் உள்ள குறை இதுதான். ஓய்வுத் துடிப்பு அதில் எங்குமே வருவதில்லை.

இதைச் சரிசெய்ய கார்வோனென் முறை இருக்கிறது. உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழிக்க வேண்டும்: 170 − 78 = 92. இதயம் கூடுதலாக எட்டக்கூடிய அளவு இவ்வளவுதான். இதில் 40 சதவீதம், அதாவது 37-ஐ, ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 115. அவருக்கு மிதமான உழைப்பு உண்மையில் தொடங்குவது ஏறக்குறைய அங்கேதான். முதல் நாளே 115-ஐப் பிடிக்க வேண்டியதில்லை; 100-ஐ ஒட்டி நடந்து மெல்ல ஏற்றலாம்.

இந்த 115-ஐயும் இரும்புக்கோடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 220 கழித்தல் வயது என்பது வெறும் சராசரி. ஒரே வயதுக்காரர்களின் உண்மையான உச்சம் அதைவிட 10, 12 துடிப்பு கூடியோ குறைந்தோ இருப்பது சாதாரணம். அதனால் எண்ணைப் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கே மூச்சு முட்டினால், கணக்கு என்ன சொன்னாலும் வேகத்தைக் குறையுங்கள்.

நாடியை விரலால் எண்ணுவதென்றால், நின்ற உடனே மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். முழு நிமிடம் எண்ணினால், அதற்குள் துடிப்பு இறங்கிவிடும். விடை குறைவாகவே வரும். கைக்கடிகாரத்தை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஒளி உணரி சில நேரம் காலடித் தாளத்தையே நாடி என்று எடுத்துக்கொள்ளும். வேக நடையில் நிமிடத்துக்கு 110, 120 அடி வைப்போம். கடிகாரமும் அதே எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தால், ஒருமுறை விரலால் எண்ணிச் சரிபாருங்கள்.

அப்புறம், ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அந்த மருந்து துடிப்பு ஏறுவதையே தடுத்து வைக்கும். எவ்வளவு வேகமாக நடந்தாலும் 115 வராமல் போகலாம். அதை எட்டவேண்டும் என்று விரட்டி நடப்பது ஆபத்து. அவர்கள் பேச்சை வைத்தே வேகத்தை முடிவு செய்யலாம், எல்லையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.