கிட்டுவின் கையில் ஒட்டிய பச்சை நூல்: கைகழுவக் கற்பிக்கும் ஒரு பொம்மலாட்டம்

குழந்தைகள் நல மருத்துவராக அங்கன்வாடிகளுக்குப் போகும்போது நான் நடத்திக் காட்டும் பொம்மலாட்டம் இது. 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கானது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. ஏன் இப்படி எழுதினேன் என்று தெரிந்தால்தான் உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும்.

முதலில், கிருமிக்கு முகம் வரையாதீர்கள். கொம்பும் கோரைப்பல்லும் வைத்த கிருமிப் பொம்மையைப் பார்த்த குழந்தைகளில் சிலர் அப்புறம் கழிப்பறைக்குப் போகவே பயப்படுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வயதில் பல குழந்தைகள், தப்பு செய்தால்தான் நோய் வரும் என்று நினைக்கிறார்கள். கை கழுவாத பையனுக்கே கதையில் வயிற்றுவலி வந்தால் அந்த நினைப்பு உறுதியாகிவிடும். அடுத்த வாரம் வகுப்பில் உண்மையிலேயே யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், அந்தக் குழந்தையை மற்றவர்கள் ஒதுக்குவார்கள். அதனால் என் கதையில் கை கழுவாதது குரங்குக் குட்டி கிட்டு, நோய் வருவது அணில் சின்னிக்கு. இருவர் மேலும் தப்பில்லை, கிருமி கண்ணுக்குத் தெரியாதது என்பதுதான் பிரச்சினை.

அந்தத் தெரியாததைக் காட்டத்தான் பச்சை உல்லன் நூல். சின்னச் சின்னத் துணுக்குகளாக வெட்டிக்கொள்ளுங்கள். செருப்பு வாரிலும் பையிலும் இருக்குமே வெல்க்ரோ, அதில் சொரசொரப்பான பக்கத்தை கிட்டுவின் உள்ளங்கை, அட்டையில் செய்த குழாயின் திருகு, சின்னியின் கை, வாய் ஆகிய இடங்களில் தைத்துவிடுங்கள். நூல் அதில் பற்றிக்கொள்ளும். ஒரு பொம்மை தொட்ட இடத்தில் ஒரு துணுக்கை நீங்களே விரலால் மாற்றி வைக்கலாம், குழந்தைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை வைத்த பச்சையை ஆட்டம் முடியும்வரை எடுக்காதீர்கள்.

இனி ஆட்டம்.

(கிட்டு கழிப்பறையிலிருந்து ஓடி வருகிறான். உள்ளங்கையில் பச்சைத் துணுக்குகள்.)

கிட்டு: சுண்டல் வந்தாச்சாம்! சீக்கிரம், சீக்கிரம்!

கதை சொல்பவர்: கிட்டு, கை கழுவினியா?

கிட்டு: ஓ! இதோ பாருங்க. (குழாயைத் திறக்கிறான். கையைத் தண்ணீரில் காட்டிவிட்டு உடனே எடுக்கிறான். ஒரு துணுக்கு மட்டும் கீழே விழுகிறது, இன்னொன்று திருகில் ஒட்டிக்கொள்கிறது.) கழுவியாச்சு!

கதை சொல்பவர்: பிள்ளைகளே, பச்சை எல்லாம் போயிடுச்சா?

(குழந்தைகள் "இல்லை" என்று கத்துவார்கள். கிட்டுவுக்கு அது கேட்பதில்லை, போய்விடுகிறான். சின்னி வருகிறாள்.)

சின்னி: தாகமா இருக்கு. (குழாயைத் திறக்கிறாள். திருகிலிருந்த பச்சை அவள் கைக்கு வருகிறது.) தண்ணி குடிச்சாச்சு, இப்ப சுண்டல்! (கையால் எடுத்துச் சாப்பிடுகிறாள். பச்சை வாயில் ஒட்டுகிறது.)

(கருநீலத் துணி ஒன்று மேடையைக் கடக்கிறது: ஓர் இரவு. மீண்டும் கடக்கிறது: இன்னொரு இரவு.)

சின்னி: அம்மா... வயிறு வலிக்குது.

இரண்டு இரவு என்பதைக் குறைக்காதீர்கள். கிருமி உள்ளே போனதும் அடுத்த நிமிடமே வலி வராது. ரோட்டா வைரஸ் என்றால் ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். கதையில் உடனே வலி வந்தால், "நேத்து கழுவாம சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்று குழந்தை சொல்லும். அதன் அனுபவப்படி அது சரிதான்.

இதற்குப் பிறகு வருவதுதான் ஆட்டத்தின் உயிர். நேரம் குறைவாக இருந்தால் வேறெதையாவது வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

கதை சொல்பவர்: சின்னி வாயில இருக்கிற பச்சை எங்கேருந்து வந்துச்சு?

குழந்தைகள் "சுண்டல்" என்பார்கள். சுண்டல் கிண்ணத்தைக் காட்டுங்கள், அதில் பச்சை இருக்காது. "அப்ப கைலருந்து!" கைக்கு எப்படி வந்தது? யாராவது ஒரு குழந்தை எழுந்து வந்து குழாயைத் தொட்டுக் காட்டும். குழாய்க்கு? கிட்டுவின் கை. இப்படிப் பின்னோக்கிப் போவதை அவர்களே செய்யட்டும். சில இடங்களில் இதற்கு மூன்று நிமிடம்கூட ஆகும், பொறுத்திருங்கள். கிருமி தானாக நடந்தோ பறந்தோ வரவில்லை, கை மாறிக் கை வந்தது என்பது இங்கேதான் புரிகிறது.

அடுத்தது கழுவுவது. இங்கே பொம்மை உதவாது. துணியில் தைத்த கைக்கு விரலிடுக்கும் நகமும் ஏது? பொம்மையைக் கழற்றிவிட்டு உங்கள் கையைக் காட்டுங்கள். தேங்காய் எண்ணெயைத் தடவி மேலே பட்டைத் தூளைத் தூவுங்கள், கட்டைவிரலிலும் நக ஓரத்திலும் கொஞ்சம் கூடுதலாக. (மஞ்சள்தூள் வேண்டாம். சோப்பு போட்டாலும் கறை நிற்கும், பாடமே தலைகீழாகிவிடும். பட்டை சிலருக்கு எரிச்சல் தரும் என்பதால் குழந்தைகளின் கையில் தடவ வேண்டாம்.) முதலில் வெறும் தண்ணீரை ஊற்றுங்கள். தூள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிறகு சோப்பு போட்டு, குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு, பாடியபடியே தேயுங்கள்:

உள்ளங்கை ரெண்டும் தேய் தேய் தேய்
புறங்கை மேலே தேய் தேய் தேய்
விரலிடுக்கில் நுழை நுழை நுழை
கட்டைவிரலைச் சுத்து சுத்து
நகத்தால் உள்ளங்கை கீறு கீறு
மணிக்கட்டு வரைக்கும் வா வா வா

நிதானமாகப் பாடினால் ஆறு வரிக்கும் சேர்த்து 20 விநாடிக்குக் குறையாது. தேய்க்க வேண்டிய நேரமும் அதுதான். முதல் தடவை கட்டைவிரல் வரியை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். தூள் அங்கேயே நிற்பதைக் குழந்தைகள்தான் கண்டுபிடிப்பார்கள். பெரியவர்களும் அதிகம் தவறவிடும் இடங்கள் கட்டைவிரலும் விரல்நுனியும். தேய்க்கும்போது குழாயை மூடிவையுங்கள். ஓடும் தண்ணீரின் கீழேயே தேய்த்தால் சோப்பு வேலை செய்யும் முன்பே கரைந்து போய்விடும். வாளியும் குவளையும்தான் இருக்கிறது என்றால், இன்னொருவர் மொண்டு ஊற்ற வேண்டும், கையை வாளிக்குள் விடக் கூடாது. துடைப்பதற்கு எல்லோருக்கும் ஒரே துண்டு வேண்டாம், கையை உதறிக் காற்றில் உலர்த்தினால் போதும்.

தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்ததும் தூள் சிதறி ஓடுவதைக் காட்டும் வித்தை பிரபலம். நான் அதைச் செய்வதில்லை. அது தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறைவதால் நடப்பது. சோப்பைத் தொட்டாலே கிருமி ஓடிவிடும் என்றுதான் குழந்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். உண்மையில் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கோடு கிருமியைத் தோலிலிருந்து பிரிக்கிறது, தேய்ப்பு அதைக் கிளப்புகிறது, தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. தேய்க்காமல் இது நடக்காது.

எப்போது கழுவ வேண்டும் என்று நீளப் பட்டியல் போட வேண்டாம். இந்த வயதுக்கு இரண்டு போதும்: கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, சாப்பிடும் முன். இருமல், தும்மல் வழியாகப் பரவும் சளி, காய்ச்சலுக்கு இந்தக் கதை முழு விடையாகாது, அதற்கு வேறொரு ஆட்டம் தேவை.

ஆட்டம் பலித்ததா என்று பார்க்க, "ஏன் கை கழுவணும்?" என்று கேட்டுப் பயனில்லை, மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். சில நாள் கழித்துப் பொம்மைகளையும் நூலையும் அவர்களிடமே கொடுங்கள். நூலைக் கையிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து அடுத்த கைக்கும் நகர்த்தி விளையாடினால் புரிந்திருக்கிறது. "கிட்டு கெட்டவன்" என்று அவனை மூலையில் உட்கார வைத்தால் புரியவில்லை. அப்போது சின்னியைக் கை கழுவாதவளாகவும் கிட்டுவை நோயாளியாகவும் மாற்றி மறுபடி நடத்துங்கள்.

அப்புறம், ஆட்டத்துக்கு முன்னால் கைகழுவும் இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். பல இடங்களில் சோப்பு அலமாரியில் பத்திரமாக இருக்கும், குழாய் குழந்தைக்கு எட்டாது. சோப்பை ஒரு வலைப்பையில் போட்டுக் குழந்தையின் மார்பு உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், நழுவாது, தொலையாது. காலடியில் ஆடாத பலகை ஒன்று போடுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு மதிய உணவு வரும்படி நேரம் வைத்தால், பாட்டை அங்கேயே பாடிக்கொண்டு வரிசையாகக் கழுவிவிட்டு உட்காரலாம்.