ஷிப்ட் நடுவில் அழிந்த வேலை: மீட்ட பிறகும் திரும்பி வராதவை

மண்டபம் பக்கத்தில் இறாலும் நண்டும் பதப்படுத்தும் ஆலை ஒன்றில், ஷிப்ட் ஆட்கள் பயன்படுத்தும் வேலைப் பட்டியல் ஆப்பைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு நாள் இரவு 2:35க்கு சூப்பர்வைசர் அக்கா போன் செய்தார்.

"தம்பி, ரெண்டாம் நம்பர் குளிர் அறை வேலையைக் காணோம். நான்தான் தெரியாம அழிச்சிட்டேன் போல. புதுசா ஒண்ணு எழுதி வச்சிட்டேன், போதும்ல?"

போதாது. அந்த வேலைக்குள் ஐந்து துணை வேலைகள் இருந்தன. இரவு 10, 12, 2, 4, காலை 6 என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அறையின் வெப்பநிலையைப் பார்த்து எழுதி, மீட்டரைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும். உறைந்த சரக்கு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருந்ததற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. 10 மணிக்கும் 12 மணிக்கும் எடுத்த போட்டோக்கள் பழைய வேலையோடு போயிருந்தன. புதிதாக எழுதியதில் தலைப்பு மட்டுமே இருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் ஆப்பில் வேலையின் மேல் விரலை வலப்பக்கம் தள்ளினால் 'முடிந்தது', இடப்பக்கம் தள்ளினால் 'நீக்கு'. அக்கா ஈரக் கையுறையோடு அடுத்த வரியில் இருந்த ஐஸ் கணக்கை முடிக்கப் போயிருக்கிறார். விரல் ஒரு வரி மேலே பட்டு, இடப்பக்கம் வழுக்கிவிட்டது. 'செயல்தவிர்' என்ற பட்டை திரையின் அடியில் ஐந்து விநாடி நின்றது. அதற்குள் போன் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. நேரம் 1:52. இரண்டு மணிக்கு அலாரம் அடிக்காததால்தான் அவருக்குச் சந்தேகமே வந்தது.

நல்லவேளையாக, எங்கள் ஆப்பில் நீக்கு என்றால் உடனே அழிப்பது இல்லை. மென்நீக்கம் என்கிறோம். வேலையின் பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும். `deleted_at` என்ற கட்டத்தில் நீக்கிய நேரம் மட்டும் விழும். பட்டியலைக் காட்டும்போது அந்தக் கட்டம் காலியாக இருக்கிற வேலைகளை மட்டுமே ஆப் எடுத்துக் காட்டும். அதனால் நம் கண்ணுக்கு வேலை மறைந்துவிடும், ஆனால் போட்டோ, குறிப்பு, யார் எப்போது எழுதினார்கள் என்பதெல்லாம் அப்படியே இருக்கும். கட்டத்தைக் காலி செய்தால் வேலை திரும்பிவிடும்.

ஆனால் கவனிக்காமல் அதைச் செய்தால் இன்னொரு தப்பு வரும். அந்த வேலையில் ஆறாவதாக, கதவு ரப்பரைச் சரிபார்க்கச் சொல்லும் துணை வேலை ஒன்று இருந்தது. ரப்பரை மாற்றிவிட்டதால் பகல் ஷிப்ட்காரர் அதை மதியமே வேண்டுமென்று நீக்கியிருந்தார். 'இந்த வேலைக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் மீட்டு' என்று சொன்னால் அதுவும் உயிரோடு வந்து நிற்கும், காலையில் யாராவது போய் நல்ல ரப்பரைக் கழற்றிப் பார்ப்பார்கள். அதனால் ஒரே சொடுக்கில் சேர்ந்து போனவற்றுக்கு ஒரு பொது எண் கொடுத்து வைத்திருக்கிறோம். மீட்கும்போது அந்த எண்ணை மட்டும் பிடிக்க வேண்டும்.

```sql
UPDATE tasks
SET deleted_at = NULL
WHERE delete_batch = 8841;
```

முதன்மை வேலை ஒன்று, துணை வேலைகள் ஐந்து, ஆக ஆறு வரிகள் மாற வேண்டும். ஆறு என்று திரையில் பார்த்த பிறகுதான் அக்காவிடம் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். ஏழு என்று வந்திருந்தால் ரப்பர் வேலையும் சேர்ந்து வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம்தான் முக்கியமான இடம். வேலை திரும்பி வந்தது, அலாரம் திரும்பி வரவில்லை. வேலையை நீக்கியதுமே அதற்காகக் காத்திருந்த நினைவூட்டல்களை எங்கள் சர்வர் ரத்து செய்துவிடும். நீக்கிய வேலைக்கு நடுராத்திரியில் மணி அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தது. ஆனால் மீட்கும்போது அவற்றைத் திரும்பப் போட நாங்கள் எழுதவே இல்லை. திரையில் பார்த்தால் 4 மணி வேலை பழையபடி அழகாக நிற்கும், மணி மட்டும் அடிக்காது. வேலை கண்ணுக்குத் தெரிவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிப் போய்விடுவோம். மற்ற மென்பொருள்களிலும் மீட்ட பிறகு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: நினைவூட்டல், திரும்பத் திரும்ப வரும் அட்டவணை, யார் பேரில் இருக்கிறது. அக்காவை 4 மணிக்கும் 6 மணிக்கும் தன் போனிலேயே அலாரம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

விட்டுப்போன 2 மணி அளவை 2:50க்கு எடுத்தார். "ரெண்டு மணின்னே போட்டுடவா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் அக்கா, 2:50 என்றே போடுங்கள், பக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள் என்றேன். நீக்கியதும் மீட்டதும் நேரத்தோடு பதிவேட்டில் ஏறியிருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர் அதையும் இந்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பொய்யான இரண்டு மணி, உண்மையான மற்ற நான்கு அளவுகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

கடைசியாக, அவர் புதிதாக எழுதிய வேலையை என்ன செய்வது? அதில் எதுவும் பதிவாகவில்லை என்று பார்த்துவிட்டு நீக்கினோம். யாராவது அதில் ஒரு அளவை எழுதியிருந்தால், முதலில் அதைப் பழைய வேலைக்கு எடுத்து எழுதிவிட்டுத்தான் நீக்கியிருக்க வேண்டும். வேலை காணாமல் போனால் புதிதாக எழுதுவதற்கு முன் நீக்கியவை பட்டியலைத் திறந்து பாருங்கள் என்று நான் எல்லா ஷிப்ட்டிலும் சொல்வது இந்த இரட்டை வேலைக்குப் பயந்துதான்.

வேறு மென்பொருள் பயன்படுத்துகிறவர்கள் அதில் 'நீக்கு' என்றால் என்ன என்று முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ட்ரெல்லோவில் `Archive` செய்த அட்டையைத் திரும்பப் பலகைக்கு அனுப்பலாம், `Delete` செய்ததை முடியாது. ஆசனாவில் நீக்கிய வேலை 30 நாள் வரை மீட்கக் கிடைக்கும். பொறுமையாக இருக்கும் ஒரு பகல் நேரத்தில், பொய்யாக ஒரு வேலை போட்டு, அதை நீக்கி, மீட்டுப் பாருங்கள். நினைவூட்டல் வந்ததா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த இரவுக்குப் பிறகு இடப்பக்கம் தள்ளி நீக்குவதை எடுத்துவிட்டோம். இப்போது வேலையைத் திறந்து, உள்ளே போய்த்தான் நீக்க முடியும். செயல்தவிர் பட்டை ஐந்து விநாடிக்குப் பதில் முப்பது விநாடி நிற்கிறது. மீட்டால் அலாரமும் சேர்ந்து திரும்புகிறது.

இன்னொன்றையும் மாற்றினோம். நீக்கியவற்றை 30 நாள் கழித்து நிரந்தரமாக அழிக்கும்படி வைத்திருந்தோம். இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆலையில் ஷிப்ட் குறையும், பட்டியலைப் பார்க்க ஆள் இருக்காது. ஏப்ரல் கடைசியில் கை தவறி நீக்கிய வேலையை ஜூன் நடுவில் படகு திரும்பும்போதுதான் தேடுவார்கள், அதற்குள் அது நிஜமாகவே போயிருக்கும். இப்போது 90 நாள் வைத்திருக்கிறோம்.