ஒரே ஆறு, ஒரே காற்று, இரண்டு ஊர்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மாதிரி கொண்டு வருகிறவர்களில் பலர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க சார், பளிங்கு மாதிரி இருக்கு, வாடைகூட இல்ல" என்பார்கள். அப்போதெல்லாம் எனக்கு 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் பட்ட பாடு நினைவுக்கு வரும்.

அழுகல் நாற்றம் கலந்த கெட்ட காற்றுதான் காலராவைக் கொண்டுவருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1884-லேயே ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தாவில், நோயாளிகளின் குடலிலும் ஒரு குளத்து நீரிலும் காலராக் கிருமியைக் கண்டுவிட்டார். ஆனாலும் மூனிச்சின் பெட்டன்கோஃபர் போன்ற பெரிய மருத்துவர்கள், கிருமி மட்டும் போதாது, மண்ணின் தன்மையும் சேர்ந்தால்தான் நோய் பரவும் என்று வாதாடினார்கள்.

1892 ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் காலரா வெடித்தது. சில வாரங்களில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். அதை ஒட்டியே இருந்த ஊர் ஆல்ட்டோனா. இரண்டுக்கும் எல்பே ஆற்று நீர்தான். சொல்லப்போனால் ஆல்ட்டோனாவின் நீர் இன்னும் மோசம்: ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, கீழே எடுப்பது. இருந்தும் எல்லைத் தெருவில் ஹாம்பர்க் பக்கம் நோய், எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. காற்று ஒன்று, மண் ஒன்று. ஹாம்பர்க் ஆற்று நீரைத் தேக்கித் தெளியவைத்து அப்படியே குழாயில் விட்டது. ஆல்ட்டோனா மணலில் வடிகட்டியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மணல் வடிகட்டிகள் கிருமிக்காக வந்தவை அல்ல, கலங்கலைப் போக்க வந்தவை. கிருமியைப் பிடிப்பதில் பெரும்பங்கு மணலுக்கும் இல்லை. சில நாளில் அதன்மேல் படியும் வழுவழுப்பான படலத்துக்குத்தான். அது அடைத்துக்கொள்ளும்போது மேல்மணலைச் சுரண்டி எடுப்பார்கள். புதுப் படலம் படியும்வரை வரும் நீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும், ஆனால் நம்ப முடியாது. நீரை மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக இறங்கவிட்டாலும் அதே கதி என்று கோக் பின்னர் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் ஆல்ட்டோனாவிலேயே இது நடந்தது. கடும் பனியில் சுத்தம் செய்தபோது மணல் உறைந்து வடிகட்டி கெட்டது. நீரில் பாக்டீரியா எண்ணிக்கை ஏறியது; 1893 தொடக்கத்தில் அங்கும் காலரா தலைகாட்டியது. இதை ஆராய்ந்த கோக், எல்லா வடிகட்டிகளின் நீரையும் கலந்து பார்த்தால் கெட்டது ஒளிந்துகொள்ளும் என்று கண்டார். அதனால் ஒவ்வொன்றின் நீரிலும் உள்ள பாக்டீரியாவைத் தனித்தனியாக, தினமும் ஜெலட்டினில் வளர்த்து எண்ணச் சொன்னார். ஒரு கன சென்டிமீட்டரில் 100-க்கு மேல் இருந்தால் அந்த நீர் ஊருக்குள் போகக்கூடாது.

அதனால்தான் நானும் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்கிறேன். திரும்பி வருகிறவரிடம், அவருடைய நீரை ஊற்றிக் கிருமி வளர்கிறதா என்று பார்த்த தட்டை நீட்டுவேன். சில நாள் அதில் ஒன்றும் இருக்காது. சில நாள், அந்தப் பளிங்குத் தண்ணீரிலிருந்து முளைத்த புள்ளிகளை அவரே எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுவார்.