"நீங்களே பாத்துப் போட்ருங்க தம்பி" என்று கடைக்காரர் சொன்னால்

மதுரையில் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளை நிறுவிக் கொடுப்பதும், அதன் பிறகு வரும் சிக்கல்களைப் பார்ப்பதும் என் தொழில். மாசி வீதிகளில் தொடங்கி திருமங்கலம், மேலூர் வரை கடைகள் இருக்கின்றன. புதிதாக ஒரு கடையில் நிறுவும்போது உரிமையாளரிடம் கேட்க இருபது, முப்பது கேள்விகள் இருக்கும். முதல் இரண்டு, மூன்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அப்புறம் "அதெல்லாம் நீங்களே பாத்துப் போட்ருங்க தம்பி" என்ற பதில் வரும். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு நான் செய்த ஒரு தவறையும், அதன் பிறகு மாற்றிக்கொண்ட முறையையும் இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும், மென்பொருள் வாங்கும் கடைக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மளிகைக் கடை. மொத்தமும் சில்லறையும் சேர்ந்த வியாபாரம். ஏப்ரல் 1 அன்று புதுக் கணக்கோடு தொடங்கலாம் என்று மார்ச் கடைசியில் போய் உட்கார்ந்தேன். "நெகட்டிவ் ஸ்டாக் அனுமதிக்கலாமா, தடுத்துடவா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கணினியில் ஒரு சரக்கின் இருப்பு பூஜ்யம் என்று இருக்கும்போது அதை விற்க விடுவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. அவர் சாக்கு இறக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, நீங்களே பார்த்துப் போடுங்கள் என்றார். நான் தடுப்பைத் தேர்ந்தெடுத்தேன். இல்லாத சரக்கை விற்றதாகப் பில் வரக்கூடாது, கணக்கு சுத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். தேர்ந்தெடுத்ததை அவரிடம் சொல்லவில்லை. அவர்தான் என்னிடம் விட்டுவிட்டாரே என்று நினைத்துவிட்டேன்.

அந்தக் கடையில் லாரி காலையில் வரும். சரக்கு உடனே அடுக்குக்குப் போய், விற்பனையும் ஆரம்பித்துவிடும். கொள்முதல் பில்லைக் கணினியில் ஏற்றுவது இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். அதனால் பகல் முழுக்க, கண் முன்னால் பெட்டி பெட்டியாக இருக்கும் சரக்கைக் கணினி "இருப்பு இல்லை" என்று சொல்லும். வாடிக்கையாளர் காத்து நிற்கிறார், பில் விழ மறுக்கிறது. பில் போடும் பையன் என்ன செய்வான்? இரண்டே நாளில் ஒரு வழி கண்டுபிடித்தான். பாசிப்பருப்பு 1 கிலோ பாக்கெட்டுக்கு இருப்பு இல்லை என்று வந்தால், லூஸ் பாசிப்பருப்பு என்ற பெயரில் பில் போட்டு, விலையை மட்டும் பாக்கெட் விலைக்கு மாற்றிவிடுவான். வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் சரியாகவே இருக்கும். கல்லாவும் இரவில் சரியாக ஒத்துப்போகும்.

ஆனால் வரிக் கணக்கு ஒத்துப்போகாது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையில் முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய பருப்புக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் லூஸ் பருப்புக்கு வரி கிடையாது. பையன் பெயரை மாற்றியபோது வரி உள்ள சரக்கு வரி இல்லாத சரக்காகிவிட்டது. அவனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

மே முதல் வாரத்தில், 11-ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்கு வேலையை ஆடிட்டர் எடுத்தபோதுதான் வெளியே வந்தது. லூஸ் பாசிப்பருப்பு ஆரம்ப இருப்பும் அந்த மாதம் வாங்கியதும் சேர்த்து 300 கிலோ, விற்றது 412 கிலோ. இருந்ததைவிட 112 கிலோ அதிகமாக விற்றிருக்கிறது. தடுப்பு போட்ட கணினியில் இது எப்படி நடந்தது என்று நானே குழம்பினேன். லூஸ் சரக்கு சாக்குப் பிரிப்பதில் கூடக் குறைய வரும் என்பதால் அந்தப் பிரிவுக்கு மட்டும் நான் தடுப்பு போடாமல் விட்டிருந்தேன். அதுவும் யாருக்கும் சொல்லாத என் முடிவுதான்.

கண்டுபிடித்த விதம் எளிது. லூஸ் பருப்பின் விலை கிலோ 104 ரூபாய், பாக்கெட் 110 ரூபாய். லூஸ் என்ற பெயரில் 110 ரூபாய்க்குப் போட்ட பில் பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்தோம். எல்லாம் முழு கிலோவாகவே இருந்தன, கூட்டினால் சரியாக 112. வரி சேர்த்த விலை என்பதால் 12,320 ரூபாயில் வரி 586 ரூபாய் 67 காசு. தொகை சிறியது. ஆனால் உளுந்து, கடலைப்பருப்பு என்று இதே வழியில் போன மற்ற சரக்குகளையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. விட்டுப்போன வரியைக் கடைக்காரர் தன் கையிலிருந்துதான் கட்டினார். வாங்கிப் போன ஆளிடம் போய்க் கேட்க முடியாது.

பணத்தைவிட என்னைச் சங்கடப்படுத்தியது அண்ணாச்சி சொன்ன ஒரு வார்த்தை. "கம்ப்யூட்டர்னாலே இப்படித்தான் தடுக்கும்னு நெனைச்சேன் தம்பி, மாத்தலாம்னு தெரிஞ்சா அன்னைக்கே கேட்டிருப்பேனே" என்றார். ஒரு மாதம் முழுக்க அந்தத் தொந்தரவை அவர் மென்பொருளின் இயல்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அது ஒருவர் எடுத்த முடிவு, ஒரு டிக்கை எடுத்தால் மாறிவிடும் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. சொல்லாமல் எடுத்த முடிவில் இருக்கும் ஆபத்து இதுதான். தவறான முடிவை எடுத்தாலும், சொல்லியிருந்தால் இரண்டாம் நாளே எனக்கு போன் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் முதலில் மாற்றியது கேள்வியை. "நெகட்டிவ் ஸ்டாக்" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நீங்களே முடிவு பண்ணுங்கள் என்ற பதில் பாதி நேரம், கேள்வி புரியவில்லை என்பதற்கு மரியாதையான வார்த்தை. இப்போது "லாரி வந்த சரக்கோட பில்லை எப்ப ஏத்துவீங்க?" என்று கேட்கிறேன். அதற்குப் பதில் தெரியாத கடைக்காரர் கிடையாது. அந்தப் பதிலிலேயே நான் எதைப் போட வேண்டும் என்பதும் வந்துவிடும்.

அப்படிக் கேட்ட பிறகும் என்னிடமே விட்டால், எந்தத் தவறு தானாகச் சரியாகும் என்று பார்க்கிறேன். விற்பனையை அனுமதித்தால் பகலில் இருப்பு மைனஸ் 20 என்று காட்டும், இரவில் கொள்முதல் பில் ஏறியதும் சரியாகிவிடும். தடுத்தால் வேறு பெயரில் போட்ட பில் எந்த இரவிலும் சரியாகாது. அதனால் மளிகைக் கடைக்கு நான் வைப்பது: எச்சரிக்கை காட்டு, ஆனால் விற்க விடு, இரவில் மைனஸ் பட்டியலைத் தா. மறுநாள் காலையிலும் ஒரு சரக்கு மைனஸில் நின்றால், ஏற்றாமல் விட்ட பில் அல்லது பெயர் மாறிய பில் இருக்கிறது என்று அர்த்தம். மருந்துக் கடைக்கு இதே முடிவு ஆகாது. அங்கே பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பதிவாகாமல் எதுவும் வெளியே போகக்கூடாது, அங்கே தடுப்புதான் சரி.

சில கேள்விகளில் அவரே விட்டாலும் நான் முடிவெடுப்பதில்லை. சாதாரண ஜி.எஸ்.டி. பதிவா, சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டமா என்பது அப்படிப்பட்டது. காம்போசிஷனில் இருப்பவர் பில்லில் வரி வாங்கவே கூடாது. இது என் விருப்பமும் இல்லை, அவர் விருப்பமும் இல்லை, ஏற்கெனவே பதிவாகிவிட்ட உண்மை. பதிவுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் அதிலேயே எழுதியிருக்கும். சான்றிதழ் கைக்கு வரும் வரை அந்த இடத்தைக் காலியாக வைத்துவிட்டு, காலியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

பில் எண் என்பது இந்த இரண்டு வகைக்கும் நடுவில் இருப்பது. என்னிடம் விட்டால் முடிவெடுக்கலாம், ஆனால் முதல் பில் போடும் முன்பே சொல்லியாக வேண்டும். விதிப்படி எண் 16 எழுத்துக்குள், வரிசையாக, அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். `KM/26-27/00001` போல வைத்தால் 14 எழுத்தில் முடிந்துவிடும். ஆண்டின் நடுவில் அண்ணாச்சிக்கு வேறு மாதிரி வேண்டும் என்றால் அதுவரை போட்ட பில்களைத் தொட முடியாது, தனி வரிசைதான் தொடங்க வேண்டும். இப்படிப்பட்டதை வாயால் சொல்லிவிட்டு நகர்வதில்லை, முதல் பில்லை அச்சடித்துக் கையில் கொடுத்து, எண்ணை விரலால் காட்டுகிறேன்.

மற்றவற்றுக்கு ஒரு தாள். எல்லா அமைப்புகளையும் அதில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எழுத்தின் அளவு, திரையின் நிறம் எதுவும் அதில் வராது. பணம், இருப்பு, வரி மூன்றில் ஒன்றைத் தொடுவது மட்டும் வரும், ஐந்தாறுக்கு மேல் போகாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புவேன். ஒரு பத்தி இப்படி இருக்கும்:

"இருப்பு இல்லாத சரக்கு: இதை நீங்கள் என்னிடம் விட்டீர்கள். எச்சரிக்கை வரும், ஆனால் பில் விழும் என்று நான் வைத்திருக்கிறேன். நீங்கள் கொள்முதல் பில்லை இரவில் ஏற்றுவதால் இப்படி. சிவப்பு நிறத்தில் எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், வேறு பெயரில் மட்டும் பில் போட வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு போன் போதும்."

"நான் வைத்திருக்கிறேன்" என்ற வார்த்தையை வேண்டுமென்றே எழுதுகிறேன். இந்தத் தாளை "உங்கள் விருப்பப்படி அமைத்தவை" என்று தலைப்பிட்டு, கீழே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நேர்மை இல்லை. அவர் தேர்ந்தெடுக்கவில்லை, நாம் தேர்ந்தெடுத்தோம். அவர் விருப்பம் என்று எழுதிவிட்டால், தொந்தரவு வரும்போது தன் மேல்தான் தப்பு என்று நினைத்து வாயைத் திறக்க மாட்டார்.

பதினைந்து நாள் கழித்து ஒரு முறை நேரில் போகிறேன். பில் போடுகிற பையனிடம், "எங்கயாவது சுத்தி வளைச்சுப் போட வேண்டியிருக்கா?" என்று தனியாகக் கேட்பேன். உரிமையாளருக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும்.

திருமங்கலத்தில் ஒரு கடைக்கு இந்தத் தாளைக் கொடுத்தபோது, அதற்கு முந்தைய வாரம் எல்லாவற்றுக்கும் நீங்களே பாருங்கள் என்று சொன்ன அதே உரிமையாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். இருப்புப் பத்திக்கு வந்ததும் நிறுத்தினார். "எல்லாத்துக்கும் இது சரி தம்பி. 15 கிலோ எண்ணெய் டின்னுக்கு மட்டும் தடுத்துடுங்க. அது பூட்டுன ரூம்ல இருக்கு, எண்ணித்தான் எடுப்போம், பில்லு ஏத்தாம ஒரு டின்கூட வெளிய வராது. அதுல மைனஸ் வந்தா களவுன்னுதான் அர்த்தம்" என்றார். இரண்டு நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தேன். தாளில் அந்தப் பத்தியின் கீழே "எண்ணெய் டின்: தடுப்பு. இது கடைக்காரர் சொன்னது" என்று பேனாவால் எழுதி, மறுபடியும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.