குரல் கேட்கும் தூரம்: மேடை நாடகம் படமாகும்போது

மட்டக்களப்புக் கல்லடியில் நண்பர்கள் சிலர் தங்கள் ஓரங்க நாடகத்தைக் குறும்படமாக எடுத்தார்கள். படத்தொகுப்பு என் பங்கு. கதை சின்னது. கட்டாரில் பத்து வருடம் உழைத்துத் தன் பெயரில் காணி வாங்கி வீடு கட்டிய அண்ணன். அந்த வீட்டைத் தங்கச்சிக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கச் சொல்லும் தாய். மாப்பிள்ளை வீட்டார் ஏழு மணிக்கு வருகிறார்கள். அதற்குள் அவன் ஒரு சொல் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும் என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மேடையில் ஒரே ஹோல், நாற்பது நிமிடம், ஒருவரும் இருமக்கூட இல்லை.

படத்தின் முதல் வெட்டைப் போட்டுப் பார்த்தபோது பாதியிலேயே போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

காரணம் எங்கள் தாராளம். 'சினிமாதானே, வெளியே போவோம்' என்று அண்ணனை வாவிக்கரைக்கு அனுப்பியிருந்தோம். கல்லடிப் பாலம், தோணி, அந்திவெயில், கட்டார் நாட்களின் நினைவு எல்லாம் இருந்தன. ஒவ்வொரு காட்சியும் அழகு. ஆனால் அவன் வாவிக்கரையில் இருக்கும்வரை தாயின் கேள்வி அவன் முன்னால் இல்லை. நாடகத்தில் வசனத்துக்கு இறுக்கத்தைத் தருவது சொற்கள் மட்டுமல்ல. கேட்கப்பட்டவன் எழுந்து போக முடியாமல் இருப்பதும்தான். அவனை நாங்களே எழுப்பி அனுப்பிவிட்டோம்.

இந்தப் பிழை பழையது. நாடகத்தை வாங்கிப் படமாக்குகிறவர்கள் செய்வதைப் பற்றி ஹிட்ச்காக் ஒருமுறை கேலியாகச் சொன்னார்: நாடகத்தில் ஒருவன் டாக்சியில் வந்து அறைக்குள் நுழைகிறான் என்றால், படத்தில் டாக்சி வருவதையும், அவன் இறங்கிக் காசு கொடுப்பதையும், படியேறிக் கதவைத் தட்டுவதையும் காட்டுகிறார்கள். அறைக்குள் அடைபட்டிருப்பதுதான் நாடகத்தின் பலம் என்பது அவர் கட்சி. 'டயல் எம் ஃபார் மர்டர்' நாடகத்தை 1954இல் படமாக்கியபோது பெரும்பகுதியை ஒரே வீட்டுக்குள்ளேயே வைத்தார். வழக்கு விசாரணைக்குக்கூட நீதிமன்றம் கட்டவில்லை. கதாநாயகியின் முகம் மட்டும் தெரியும், பின்னால் ஒளியின் நிறம் மாறும், குரல்கள் கேட்கும்.

ஆனால் அதே படத்தில் அவர் வெளியே போகும் ஓரிடம் உண்டு. மனைவியைக் கொல்லக் கணவன் திட்டமிடுகிறான். விருந்தொன்றிலிருந்து குறித்த நேரத்துக்கு வீட்டுக்குப் போன் எடுப்பான். அவள் எழுந்து வந்து போனை எடுக்கும்போது, திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் கொலைகாரன் பாய வேண்டும். நாடகத்தில் நாம் அந்த அறையை விட்டு நகர்வதேயில்லை. படம் நம்மை விருந்துக்குக் கூட்டிப் போகிறது. கணவனின் கைக்கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. ஓடுகிறான், போன் பெட்டிக்குள் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார். இங்கே வீட்டில், காத்துக் களைத்த கொலைகாரன் புறப்பட ஆயத்தமாகிறான். வெளியே போனதால் அறையின் இறுக்கம் குறையவில்லை, கூடியது. ஏனென்றால் விருந்தில் நடப்பதெல்லாம் அந்த அறையில் மணி அடிக்குமா என்ற ஒரே கேள்வியைத்தான் நீட்டுகிறது. கொலைகாரன் பிடிபட வேண்டும் என்று நினைக்கவேண்டிய நாம், போன் அடிக்கவில்லையே என்று தவிக்கிறோம். அது வேறு கதை.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு சோதனை கிடைத்தது. வெளிக்காட்சி ஒன்றை முழுதாக எடுத்துவிட்டு, அடுத்த வசனத்தைக் கேட்டுப் பார்ப்பது. வசனத்தின் பொருள் கொஞ்சமும் மாறவில்லை என்றால் அந்தக் காட்சி அங்கே வேலை செய்யவில்லை. வாவிக்கரை முழுவதும் இந்தச் சோதனையில் போனது. எனக்கு மிகவும் பிடித்த தோணிக் காட்சியும் போனது.

அதற்குப் பதிலாக அண்ணனைக் கிணற்றடி வரைக்கும் மட்டும் விட்டோம். முகம் கழுவப் போகிறான். குசினி யன்னல் திறந்திருக்கிறது. உள்ளே தாய் தங்கச்சியிடம் சொல்வது கேட்கிறது: "அவன் தருவான்கா. இல்லையெண்டு சொல்லத் தெரியாத புள்ள." அவன் கை வாளியிலேயே நிற்கிறது. மேடையில் இந்த வரியை அவனுக்கு முன்னாலேயே தாய் சொல்வார். அங்கே அது கெஞ்சல். கிணற்றடியில் கேட்கும்போது அதே வரி பொறி. இடம் திறந்தது, ஆனால் அவன் குரல் கேட்கும் தூரத்தை விட்டுத் தாண்டவில்லை. தாயின் முகத்தை அந்த நேரம் காட்டவேயில்லை. ஒருவர் பேச, கேட்பவரின் முகத்தில் கமராவை வைத்திருப்பது மேடையால் தர முடியாத வசதி. மேடையில் யாரைப் பார்ப்பது என்பதைப் பார்வையாளரே முடிவு செய்கிறார்.

அறைக்குள் எடுத்த காட்சிகளில் சிக்கல் வேறு. வீட்டு ஹோல் பன்னிரண்டடிக்குப் பதினான்கடி. சிட்னி லுமெட் 1957இல் எடுத்த '12 ஆங்கிரி மென்' கிட்டத்தட்ட முழுவதும் ஓர் அறைக்குள் நடப்பது. மேடை நாடகமாக அல்ல, 1954இல் தொலைக்காட்சி நாடகமாக வந்த கதை அது, சிக்கல் ஒன்றேதான். அவர் தொடக்கத்தில் அகன்ற கோண லென்ஸை வைத்துக் கண்மட்டத்துக்கு மேலிருந்து எடுத்தார். போகப் போக நீண்ட லென்ஸுக்கு மாறினார். கமராவையும் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கினார். கடைசியில் கூரைகூடத் தெரியத் தொடங்குகிறது. அறை சுருங்குவதுபோல இருக்கும்.

சுருங்கச் செய்வது லென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கமரா நிற்கும் தூரம். முகத்துக்கு மூன்றடியில் நின்றால், அதற்கு ஆறடி பின்னால் உள்ள சுவர் மூன்று மடங்கு தூரத்தில் இருக்கிறது. சிறிதாக, எட்டத்தில் தெரியும். பன்னிரண்டடிக்குப் பின்வாங்கினால் சுவர் பதினெட்டடியில், அதாவது ஒன்றரை மடங்கில். இப்போது நீண்ட லென்ஸால் முகத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால், சுவரும் கூடவே பெரிதாகி முதுகோடு ஒட்டி நிற்கும். அந்த ஹோலுக்குள் பன்னிரண்டடி பின்வாங்க இடமில்லை. கமராவை விறாந்தைக்குக் கொண்டுபோய் யன்னல் வழியாக எடுத்தோம். கம்பிகள் முன்னால் மங்கலாக விழுந்தன. கேட்காமல் கிடைத்த கூலி.

இதில் ஒரு வேடிக்கை. தாயாக நடித்தவர் கூத்துக் குடும்பத்திலிருந்து வந்தவர். வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும். முதுகாலும் நடிக்கத் தெரிய வேண்டும். அவருக்குக் கமரா எங்கே நிற்கிறது என்பது பொருட்டே இல்லை. சனம் முன்னால் மட்டும் இருக்கும் படச்சட்ட மேடையில் பழகிய, அண்ணனாக நடித்தவர்தான் ஒவ்வொரு வரிக்கும் முன்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

வசனத்தில் கை வைத்தது கடைசியாக. "ஏன்டா கையப் பிசையிறாய்?" போன்ற வரிகள் பின்வரிசைக்காரருக்காக எழுதப்பட்டவை. அண்மைக்காட்சியில் கை தெரிகிறது, வரி வேண்டாம். ஆனால் "ஊட்ட எழுதித் தாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு மனே" என்று தாய் மூன்று முறை கேட்பதில் ஒன்றைக் குறைத்ததும் காட்சி விழுந்தது. திரும்பப் போட்டோம். தகவல் சொல்லும் வரிகள் போகலாம், நெருக்கும் வரிகள் போகக்கூடாது. நாற்பது நிமிடம் இருபத்தாறானது.

மௌனத்தை மட்டும் திரும்ப அளக்க வேண்டியிருந்தது. முடிவுக்கு முன் அண்ணன் பேசாமல் நிற்கும் இடம் மேடையில் பன்னிரண்டு செக்கன். பார்வையாளர் எல்லாரும் மூச்சைப் பிடித்திருப்பார்கள். திரையில் முகம் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது அவன் நினைப்பதை நாலு செக்கனிலேயே படித்துவிடுகிறோம். மிச்சம் வெறும் காத்திருப்பு. ஐந்தாக வெட்டினேன். ஐந்தாவது செக்கனில் ஒழுங்கை முனையில் வேன் ஒன்று நிற்கும் சத்தம், சுவரில் ஹெட்லைட் வெளிச்சம். மணி ஏழாக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.