வரவுக் கணக்கு காலையில் தெரியும், விலை இரவிலேயே ஓடியிருக்கும்

காரைக்குடியில் வரிக்கணக்கு பார்க்கும் என்னிடம் 2024 மார்ச் மாதக் கடைசியில் ஒரு அண்ணன் வந்தார். கையில் கோடு போட்ட சின்ன நோட்டு. பிட்காயினையே வாங்கி வைத்துக்கொண்டு பங்குச்சந்தையில் யூனிட்டாக விற்கும் ஃபண்டுகளான அமெரிக்க ஸ்பாட் பிட்காயின் ஈடிஎஃப்களுக்கு அன்றாடம் எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு போனது என்று தேதிவாரியாக எழுதியிருந்தார். "கணக்குப் பார்த்துத்தான் தம்பி வாங்கினேன், அப்படியும் நட்டம்" என்றார்.

மார்ச் 12 அன்று அந்த ஈடிஎஃப்களுக்குள் 100 கோடி டாலருக்கு மேல் நிகர வரவு. அதுவரை அவ்வளவு வந்ததில்லை. மறுநாள் அதைப் பார்த்ததும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு பிட்காயின் வாங்கிவிட்டார். ஒரு காயின் விலை சுமார் 73,000 டாலர். 14ஆம் தேதி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. 19ஆம் தேதி ஈடிஎஃப்களிலிருந்து 32 கோடி டாலருக்கு மேல் வெளியே போனது. பயந்து 20ஆம் தேதி காலையில் சுமார் 62,000க்கு விற்றார். கையில் வந்தது ஏறக்குறைய 1.70 லட்சம் ரூபாய். அன்று இரவே விலை திரும்பியது, 25ஆம் தேதி 70,000ஐத் தொட்டது.

நோட்டில் பிழை இல்லை. அந்த எண் எப்போது பிறக்கிறது என்பதைத்தான் அவர் கவனிக்கவில்லை. அன்று புதிதாக உருவான யூனிட்டுகளிலிருந்து திருப்பி ஒப்படைத்தவற்றைக் கழித்து வருவதுதான் நிகர வரவு. அமெரிக்கச் சந்தை மூடுவது அப்போது நமக்கு நள்ளிரவு ஒன்றரை மணி. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு ஃபண்டாகக் கணக்கு வரும். நாம் காலையில் பார்ப்பது முடிந்துபோன வியாபாரம். சனி, ஞாயிறு ஈடிஎஃப் கிடையாது, காயின் மட்டும் ஓடும். அந்த வாரமும் வெள்ளி முதல் ஞாயிறுக்குள் விலை 65,000 பக்கம் இறங்கிவிட்டது. வெளியேற்றம் கணக்கில் ஏறியதோ திங்கள், 18ஆம் தேதி. 20ஆம் தேதி இரவு விலை மீண்ட பிறகும் 21, 22 தேதிகளில் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. வந்த பணம் எல்லாமே விலை ஏறும் என்று நம்பி வந்ததல்ல. சில பெரிய ஃபண்டுகள் ஈடிஎஃப்பை வாங்கிக்கொண்டே பின்னொரு தேதிக்கு இப்போதே விலை பேசும் சிகாகோ ஃபியூச்சர்ஸில் அதே அளவு விற்று வைக்கும். இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளிதான் அவர்களுக்கு லாபம், கிட்டத்தட்ட வட்டி மாதிரி. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈடிஎஃப் வரவோடு ஃபியூச்சர்ஸில் இன்னும் முடிக்காமல் நிற்கும் ஒப்பந்தங்களும் சேர்ந்து கூடினால், அதில் ஒரு பங்கு இந்த வகைப் பணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவேன்.

வரிக்கு வருவோம். லாபம் வந்திருந்தால் 30 சதவீதம் கட்ட வேண்டும். இந்த 30,000 நட்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. அவருக்கு இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

அப்புறம் நோட்டில் இரண்டு நெடுவரிசை சேர்க்கச் சொன்னேன்: அந்த நாள் அமெரிக்கச் சந்தை மூடும்போது விலை, ஐந்து நாள் வரவின் கூட்டுத்தொகை. மார்ச் முழுவதையும் அங்கேயே உட்கார்ந்து நிரப்பினார். 14ஆம் தேதியின் வரிசைக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, "அந்தக் கூட்டுத்தொகை கொழுத்துக் கிடந்தபோதுதான் விலை திரும்பியிருக்கு" என்றார்.