பக்கத்து மனைக்குக் கிடைத்த கட்டட அனுமதியை எதிர்ப்பது எப்படி?

குளச்சலுக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே மனைகள் நெருங்கிக் கிடக்கும் ஊர் ஒன்றில், கையாலையை ஒட்டி ஒரு நாள் அடித்தளம் தோண்டத் தொடங்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தால், "அனுமதி வாங்கியாச்சு" என்ற பதிலே கிடைக்கிறது. அவருக்கு எந்த அறிவிப்பும் வந்திருக்காது. அதில் சட்டமீறல் எதுவும் இல்லை, ஏனெனில் சாதாரண வீடு, கடை போன்ற கட்டடங்களுக்கு அனுமதி வழங்குமுன் அண்டை வீட்டாரைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் தமிழ்நாட்டின் நடைமுறையில் கிடையாது. பாதிக்கப்படப்போகிறவருக்கு முடிவெடுக்கும் கட்டத்தில் இடமே இல்லாதிருப்பது இந்த ஏற்பாட்டின் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அனுமதி வழங்கப்பட்ட பிறகு அதை எதிர்க்க வழிகள் இருக்கின்றன. அவை எப்படி இயங்குகின்றன என்பதை அறிய, அனுமதி எதைப் பார்த்து வழங்கப்படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பம் பெறப்படுகிறது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைக் கொண்டு அது சோதிக்கப்படுகிறது. மனையின் பரப்பு, எதிரே உள்ள சாலையின் அகலம், நான்கு பக்கமும் விட வேண்டிய இடைவெளி, உயரம், எல்லாத் தளங்களையும் சேர்த்த மொத்தப் பரப்பு ஆகியவையே முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. பெரும்பாலும் இவை விண்ணப்பதாரர் தரும் வரைபடத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. சிறிய வீடுகளுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவதற்கு, விண்ணப்பதாரரின் உறுதிமொழியின் பேரில் இணையவழியாக உடனே அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆகவே, வரைபடத்தில் ஒரு பிழை இருந்தால் அது அனுமதிக்குள்ளும் நுழைந்துவிடும். அனுமதியை எதிர்ப்பவர் செய்ய வேண்டியது அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதுதான். காற்று தடைபடுகிறது, மாடியிலிருந்து எங்கள் முற்றம் தெரிகிறது என்பவை உண்மையான வருத்தங்களாயினும், விதி கேட்ட இடைவெளி விடப்பட்டிருந்தால் அனுமதியை ரத்து செய்ய அவை மட்டும் போதாது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு சென்ட் என்று ஆவணம் சொல்லும் மனை ஒன்று, 30 அடி அகலமும் 87 அடி நீளமும் உடையது. அதில் தரைத்தளமும் இரண்டு மாடிகளுமாகக் கடைகளும் வீடும் கட்ட, மொத்தம் 4,900 சதுர அடிக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது. இவ்வகைக் கட்டடத்திற்கு மனைப்பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை தளப்பரப்பு கட்டலாம் என்பதால், ஏறத்தாழ 2,610 சதுர அடி மனைக்கு 5,220 சதுர அடி வரை இடமுண்டு. காகிதத்தில் குறையேதும் இல்லை. ஆனால் மனையின் வடக்கு ஓரத்தில், பின்னாலுள்ள மூன்று வீடுகளுக்குப் போகும் ஐந்து அடிப் பொதுவழி ஒன்று இருக்கிறது. நில அளவைப் புல வரைபடத்திலும் அது தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது. அனுமதி பெற்ற வரைபடமோ அந்த வழியையும் மனைக்குள் சேர்த்து, அதையே வடக்குப் பக்க இடைவெளியாகவும் காட்டிவிட்டது.

இப்போது கணக்கை மறுபடி போடலாம். வழியைக் கழித்தால் மனையின் அகலம் 25 அடி, பரப்பு ஏறத்தாழ 2,175 சதுர அடி. இரண்டு மடங்கு 4,350. அனுமதிக்கப்பட்டது அதைவிட 550 சதுர அடி கூடுதல். அதைவிட முக்கியமாக, கட்டடத்தின் வடக்குச் சுவர் உண்மையான எல்லையின் மேலேயே வந்து நிற்கிறது. அந்தப் பக்கம் இடைவெளியே இல்லை. ஒரே பிழை இரண்டு விதிகளை உடைத்திருக்கிறது. மேல்முறையீட்டில் வைக்க வேண்டியது இதுதான்: புல வரைபடம், அனுமதி பெற்ற வரைபடம், அவ்விரண்டும் முரண்படும் இடம், அதனால் மாறும் கணக்கு.

இதே எடுத்துக்காட்டில் வழி அரசு ஆவணம் எதிலும் இல்லாமல், வழக்கத்தால் மட்டும் நடந்துவருவதாக இருந்தால் நிலைமை வேறு. நிலம் யாருடையது, வழிபாத்தியம் யாருக்கு என்பதைத் திட்ட அதிகாரி தீர்மானிக்க முடியாது. அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடர வேண்டும். மறுபக்கம், வரைபடம் சரியாக இருந்து, கட்டுபவர் மட்டும் அதை மீறினால், எதிர்க்க வேண்டியது அனுமதியை அல்ல, மீறலை. அப்போது 56, 57ஆம் பிரிவுகளின் கீழ் வேலையை நிறுத்தவும் மீறிய பகுதியை அகற்றவும் கோரி மனு கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மனுவில் கலந்து எழுதி, ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டுவதில் மாதங்கள் கரைந்துபோவது வழக்கமாக நடப்பது.

மாதங்கள் கரைவது இங்கே ஆபத்தானது. 49ஆம் பிரிவின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 79ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான கெடு, முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து இரண்டு மாதம். பக்கத்து வீட்டுக்காரருக்கு முடிவை யாரும் தெரிவிப்பதில்லை என்பதால், தனக்குத் தெரியவந்த நாளிலிருந்தே கெடுவைக் கணக்கிட வேண்டும் என்று அவர் வாதிட இடமுண்டு. ஆனால் அந்த நாளை அவரே நிறுவ வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் அனுமதி ஆணையும் வரைபடமும் கேட்டால் பதிலுக்கு 30 நாள் ஆகலாம். கெடுவில் பாதி அதிலேயே போய்விடும். எனவே அடித்தளம் தோண்டுவதைப் பார்த்த வாரத்திலேயே மனுவைப் போட்டுவிட்டு, வேலை நடக்கும் இடத்திலுள்ள வரைபடத்தையும் பார்த்துவிடுவது நல்லது. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமானம் முடியும்வரை அங்கே காட்சிக்கு வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டிருக்கிறது.

கட்டடம் உயர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் ஓய்ந்துபோகிறார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த உடுப்பி வழக்கு அவர்கள் அறிய வேண்டியது. குடியிருப்புக்கென ஒதுக்கிய பகுதியில் திரையரங்கு கட்ட நகராட்சி அனுமதி தந்ததை அங்கே வசித்த ஒருவர் எதிர்த்தார். அனுமதி திட்டத்துக்கு முரணானது என்று ஒப்புக்கொண்ட உயர் நீதிமன்றம், உரிமையாளர் பெருந்தொகை செலவிட்டுவிட்டார் என்பதால் அதை ரத்து செய்யவில்லை. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் தராத அதிகாரத்தைக் கொண்டு வழங்கிய அனுமதி, செலவிட்ட பணத்தாலோ மற்றவர்களின் மௌனத்தாலோ செல்லுபடியாகிவிடாது என்றும், அப்பகுதியில் குடியிருப்பவருக்கு அதை எதிர்க்கும் உரிமை உண்டு என்றும் கூறி அனுமதியை நீக்கியது. ஆனால் விதிக்குள் அதிகாரிக்கு விடப்பட்ட தேர்வைக் குறைகூறும் வழக்கில் தாமதம் மனுதாரருக்கு எதிராகவே போகும் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும்.

மேல்முறையீடு நிலுவையில் இருப்பதாலேயே கட்டுமானம் நின்றுவிடாது. இடைக்காலத் தடையைத் தனியாகக் கேட்க வேண்டும். அது கிடைக்காவிட்டாலோ அலுவலகம் மனுவைத் தொடாமலே வைத்திருந்தாலோ, கன்னியாகுமரி மாவட்டத்தார் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகலாம். அங்கே முதலில் எழும் கேள்வி, மனுதாரர் எப்போது ஆட்சேபித்தார், அன்று கட்டடம் எந்த அளவில் இருந்தது என்பதாகவே இருக்கும். அடித்தளம், தூண், முதல் தளம் என்று ஒவ்வொரு நிலையிலும் தேதி தெரியும்படி எடுத்த படங்களும், ஒப்புகைச் சீட்டுடன் அனுப்பிய ஆட்சேபணைக் கடிதமும் அந்தக் கேள்விக்குப் பதிலாகும்.